ஜனகராஜின் விண்ணப்பக் கடிதம்

ஜனகராஜுக்கு நாற்பத்திரண்டு வயது. அதில் பதினாறு வருசம் கீழமாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றின் மேனேஜராக நின்றே போயிருந்தது. கீழே முப்பத்திநாலு பேர். யாருக்கு எந்தக் கிழமை வார லீவு, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தப் பெண் தாலி ஏறிய மறுவாரமே வேலையை விட்டுவிடுவாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சேலை ரகங்கள்தான் இப்போதெல்லாம் மறந்துபோகின்றன.

எண்பத்திநாலாம் வருசம் ஆனி மாசம், சமயநல்லூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்றில், ஆட்கள் விவகாரம் பார்க்கும் பெர்சனல் டிபார்ட்மெண்டுக்கு அசிஸ்டென்ட் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. பட்டப்படிப்பு, ஆட்களை நிர்வகித்த அனுபவம், தொழிலாளர் சட்டத்தில் டிப்ளமோ இருந்தால் நல்லது என்று போட்டிருந்தார்கள். மூன்றில் இரண்டு இருக்கிறதே என்றாள் அவர் மனைவி சூடாமணி, வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில். அவருடைய கால்வீக்கத்தைத் தினமும் பார்க்கிறவள் அவள்தான்.

வார லீவு நாளில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனார். அதை நடத்துகிற தங்கப்பொண்ணு ஊர்ப்பட்ட பேருக்கு இங்கிலீஷில் விண்ணப்பம் அடித்துக் கொடுத்தவள். ஜனகராஜ் எழுதிக்கொண்டு போயிருந்த தாளை ஒருமுறை படித்தாள். விற்பனை பெருகியது, ஆடித் தள்ளுபடியில் சாதனை, புதிய கிளை திறந்தது என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது.

"சார், மில்லுக்குச் சேலை விக்கவா போறீங்க?" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் சிரிப்பும் வந்தது. பயோடேட்டாவில் இதெல்லாம் வந்துவிடும், மேலே வைக்கிற கடிதத்தில் இந்த வேலைக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லுங்கள் என்றாள். கடையில் ஆட்களோடு என்ன செய்தீர்கள், அதை மட்டும் எழுதுங்கள் என்று வெள்ளைத்தாள் ஒன்றைத் தள்ளினாள்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். ஆள் எடுப்பதும், புது ஆளுக்கு மூன்று மாசம் கூடவே நின்று பழக்குவதும், வருகைப் பதிவேடும் லீவு பதிவேடும் லேபர் இன்ஸ்பெக்டர் கேட்டால் காட்டும்படி வைத்திருப்பதும். தீபாவளி நெருக்கத்தில் வார லீவு இல்லை என்றதும் பதினோரு பேர் கடைக்கு வராமல் நின்றபோது, முதலாளிக்கும் அவர்களுக்கும் நடுவில் நடையாய் நடந்து, தீபாவளி முடிந்து மாற்று லீவு என்று எழுத்தில் வாங்கிக் கொடுத்தது. எழுத எழுத, இம்புட்டும் நாம்தான் செய்தோமா என்று இருந்தது.

பிறகு பேனா நின்றுவிட்டது. முத்திருளனைப் பற்றி எழுதுவதா வேண்டாமா?

மூன்று வருசத்துக்கு முந்தி பட்டுச்சேலை ஒன்று காணாமல் போனது. அந்தப் பகுதியில் நின்றவன் முத்திருளன். இன்றைக்கே அனுப்பிவிடு என்றார் முதலாளி. ஏழு வருசம் வேலை பார்த்தவனை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு மாச நோட்டீஸும் தராமல், ஜனகராஜ் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பத்தாம் நாள், வெளியூருக்குப் போன பார்சலில் அந்தச் சேலை தவறிப் போயிருந்தது தெரிந்தது. முதலாளி அதைப் பற்றிப் பேசவில்லை. ஜனகராஜும் முத்திருளனைத் தேடிப் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, யார்மேல் புகார் வந்தாலும் அந்த ஆளைக் கூப்பிட்டு, விளக்கத்தை எழுத்தில் வாங்கி, இன்னொருவரைச் சாட்சியாக வைத்துக் கேட்காமல் அவர் எதுவும் செய்ததில்லை. உண்மையில் தன்னை இந்த வேலைக்குத் தகுதியாக்கியது அது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, முத்திருளனின் ஊரான கீழக்குயில்குடிக்கு பஸ் ஏறினார்.

முத்திருளன் மலையடிவாரத்தில் வெங்காய வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். ஆளைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றான். வாங்க என்று மட்டும் சொன்னான். வரப்பிலேயே நின்று ஜனகராஜ் எல்லாவற்றையும் சொன்னார்: சேலை கிடைத்தது, வெட்கப்பட்டு வராமல் இருந்தது, இப்போது மில்லுக்கு எழுதுகிற கடிதம்.

"சேலை கிடைச்சது எனக்கு அப்பவே தெரியும்ணே. கடைப் பொண்ணு ஒண்ணு சந்தையில பார்த்துச் சொல்லுச்சு. நீங்க வருவீகன்னு ஒரு வருசம் இருந்தேன்."

தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு வேறு பக்கம் ஓடியது. முத்திருளன் போய் அதை அடைத்துவிட்டு வந்தான்.

"எழுதிக்கங்க. என் பேரை மட்டும் போட்டுராதீக. இந்த விசயத்துல என் பேரு இன்னொரு தாள்ல ஏறக்கூடாது."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. இவரும் அதைக் கேட்கவில்லை. வரப்போரமாகவே பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் தங்கப்பொண்ணு, பெயர் போடாமல் அவர் எழுதிவந்த அந்தப் பத்தியை அடித்து முடித்துவிட்டு, இதை வைக்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டாள். வைக்கச் சொன்னார். கார்பன் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, கடிதத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்தார்.

மூன்று வாரம் கழித்து நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. மில்லின் பெர்சனல் மேனேஜர் ராமமூர்த்தி, ஓய்வுக்கு இரண்டு வருசம் மீதி வைத்திருந்த மனிதர். மேசையில் விண்ணப்பக் கட்டு குவிந்து கிடந்தது. ஜனகராஜின் கடிதம் தனியாக இருந்தது.

கடை வேறு, மில் வேறு என்று அவர் நிதானமாகச் சொன்னார். இங்கே அறுநூறு பேர், மூன்று ஷிப்டு, இரண்டு சங்கம். ஒருவன்மேல் நடவடிக்கை என்றால் குற்றச்சாட்டு மெமோ, அவன் விளக்கம், பிறகு விசாரணை. ஒரு படி தவறினாலும் லேபர் கோர்ட்டில் நிற்கவேண்டும். ஜனகராஜ் கேட்டுக்கொண்டே இருந்தார். கடிதத்தின் கடைசிப் பத்தியில் விரலை வைத்தார் ராமமூர்த்தி.

"வந்த எல்லாரும் நான் நல்லவன், திறமைசாலின்னு எழுதியிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் செஞ்ச தப்பை எழுதியிருக்கீங்க. இங்கயும் மேலேருந்து இன்னைக்கே அனுப்புன்னு சொல்வாங்க. என்ன செய்வீங்க?"

"அன்னைக்குப் பயந்தேன் சார். இன்னைக்கும் பயமாத்தான் இருக்கும். ஆனா அந்த ஆளைக் கேக்காம கையெழுத்துப் போட மாட்டேன்."

ராமமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தானும் பல தடவை அப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொன்னார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு ஆறு மாசம் தகுதிகாண் காலம் என்றும், தபால் வழியில் டிப்ளமோ படித்தே ஆகவேண்டும் என்றும், முதலில் வருகை பதிகிற டைம் ஆபீசில் உட்காரவேண்டும் என்றும் சொன்னார். மேனேஜராக இருந்தவருக்கு அது இரண்டு படி இறக்கம். ஜனகராஜ் சரியென்றார்.

முதலாளியிடம் ஒரு மாச நோட்டீஸ் கொடுத்தபோது அவர் தலை நிமிராமல், தீபாவளிக்கு யார் லீவு பிரிப்பது என்று கேட்டார். பிரித்து எழுதி வைத்துவிட்டுத்தான் போவேன் என்றார் ஜனகராஜ். அப்படியே செய்தார்.

மில்லில் முதல் நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் டைம் ஆபீஸ் ஜன்னலில் சோலையம்மாள் என்று ஒரு தொழிலாளி வந்து நின்றாள். நேற்று வரவில்லை, லீவும் சொல்லவில்லை. பக்கத்து மேசை குமாஸ்தா, ஆப்சென்ட் போட்டுவிடுங்கள், இவளுக்கு இது வழக்கம் என்றார்.

ஜனகராஜுக்குக் கொட்டாவி வந்தது. விடிகாலை பஸ்ஸுக்காக நாலரைக்கே எழுந்தவர். கொட்டாவியை அடக்கிக்கொண்டு பேனாவை மூடினார்.

"ஏன்மா வரல?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.