மழை வந்தால் சீக்கிரம்

வீட்டில் இருந்த ஒரே குடையைக் காலையில் டில்லிபாபு எடுத்துக்கொண்டு போய்விட்டான். ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கி அலுவலகம் வரை நனைந்துகொண்டே வந்த மோகனப்ரியா, அன்றைக்கு யாரிடமும் பேசுவதில்லை என்றிருந்தாள். கணவன்மேல் கோபம் வந்தால் கணவனோடு மட்டும் கோபித்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. லிஃப்ட்காரர் வணக்கம் வைத்தார், அவள் பார்க்கவில்லை. டீ வந்தது, ஆறிப்போனது. மத்தியானம், குடைக் கதையைக் காலையிலேயே அவளிடமிருந்து கறந்திருந்த பக்கத்து மேசை நவ்ரீன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டியபோதும் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அண்ணன் குடைய எடுத்துக்கினு போனாரு, சரி. அதுக்கு என் பிரியாணி இன்னா பண்ணிச்சு?" என்றாள் நவ்ரீன்.

"பசிக்கல."

"உன் வயிறு உன்னாண்ட சொல்லிச்சா, இல்ல குடை சொல்லிச்சா?"

மோகனப்ரியா திரைக்குத் திரும்பிக்கொண்டாள். நவ்ரீன் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து மூடி, அவள் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியில் அவர்கள் இருவரும், முதலாளி தண்டபாணியும், இன்னும் மூன்று பேரும்தான். எண்ணூர் சாலையில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டுக்கு லாரி விடும் இருபத்து நான்கு கம்பெனிகள் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். தினமும் மூன்று மணிக்கு ஒரு புரோகிராம் தானாக ஓடும். எந்த லாரி, எந்த டிரைவர், எந்தக் கன்டெய்னர் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பட்டியல் செய்து யார்டுக்கு அனுப்பும். நான்கு மணிக்கு முன் பட்டியல் போய்ச் சேராவிட்டால் அந்தக் கம்பெனி லாரிக்கு மாலையில் கேட் திறக்காது. அந்தப் புரோகிராம் மோகனப்ரியா எழுதியது.

மூன்று பத்துக்கு போன் வந்தது. பதினெட்டு லாரி வைத்திருக்கும் ஜெகதீசன்.

"இன்னாம்மா, யார்டுல கேட்டா எங்க லிஸ்டே வரலைன்றான். வண்டிங்க ரோட்ல நின்னுகினு கீது. உங்க கம்ப்யூட்டரு தூங்குதா?"

"பாக்குறேன் சார்."

பார்த்தாள். ஜெகதீசனுக்கு மட்டுமல்ல, இருபத்து நான்கு பேரில் ஒருவருக்கும் பட்டியல் போகவில்லை. புரோகிராம் மூன்று மணிக்குக் கிளம்பி நான்கே வினாடியில் விழுந்திருந்தது. அது தானே எழுதிவைக்கும் பதிவில் ஒரே ஒரு வரி: எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை.

தண்டபாணி நாற்காலியோடு உருண்டு வந்தார். "ஒருத்தர் கெட்டாலும் மத்தவங்களுக்குப் போயிடும்னு நீதானே மோகனா சொன்ன?"

சொன்னாள்தான். பெருமையாகவே சொன்னாள். ஒரு கம்பெனியின் பட்டியலை அனுப்பும்போது தவறு நேர்ந்தால், அதைக் குறித்துவைத்துவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போ என்று எழுதியிருந்தாள். இப்போது அதே வரிகளைப் படித்தபோது காது சுட்டது. அந்தக் காவல் அனுப்பும் இடத்தில் மட்டும்தான் இருந்தது. அதற்கு முன்பே, எல்லாக் கம்பெனிகளும் தாங்களே நிரப்பிவைத்த செட்டிங்ஸையும் ஒரே மூச்சில் படித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தாள். அங்கே காவல் இல்லை. ஒன்றைப் படிக்க முடியாவிட்டால் ஒருவருக்கும் வேலை தொடங்காது.

யாருடைய செட்டிங்ஸ் என்று தேடினாள். திருவொற்றியூர் மகிமா, நான்கு லாரிக்காரி. கேட் நேரத்துக்கு எத்தனை நிமிடம் முன்னால் டிரைவருக்குத் தகவல் தர வேண்டும் என்ற கட்டத்தில், பன்னிரண்டு மணிக்கு மாற்றி, 'மழை வந்தா சீக்கிரம்' என்று எழுதியிருந்தாள்.

நவ்ரீன் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "மனுசங்களுக்கு நல்லாத்தான் புரியுது. இதுக்குத்தான் புரியல."

"அந்தப் பொண்ணை லிஸ்ட்ல இருந்து தூக்கிடு," என்றார் தண்டபாணி. "நாலு வண்டிக்காக மத்த இருபத்து மூணு பேரு நிக்கணுமா?"

"கட்டத்துல எதை எழுதினாலும் வாங்கிக்கிற மாதிரி வச்சது நான் சார். அவங்களைத் தூக்கினா நாளைக்கு இன்னொருத்தர் எழுதுவாரு."

"அப்ப நீயே முப்பதுன்னு போடு."

"அவங்க டிரைவருக்கு முப்பது போதுமான்னு நமக்கெப்படி சார் தெரியும்?"

மூன்று இருபது. செட்டிங்ஸைப் படிக்கும் பகுதியை வெட்டி, ஒவ்வொரு கம்பெனிக்கான வேலைக்குள்ளும் கொண்டுபோய் வைத்தாள். அவரவர் செட்டிங்ஸைப் படிப்பது, பட்டியல் செய்வது, அனுப்புவது, மூன்றும் இப்போது ஒரே காவலுக்குள். யார்டுக்கு எதுவும் போகாத சோதனைப் பிரதியில் மகிமாவை முதலில் வைத்து ஓட்டினாள், பிறகு நடுவில். இரண்டு முறையும் மற்றவர்கள் தப்பித்தார்கள்.

மூன்று முப்பத்தைந்துக்கு உண்மையான இடத்தில் ஏற்றி ஓட்டினாள். இருபத்து மூன்று பட்டியல்கள் போயின. திரையில் பச்சை நிறத்தில் 'முடிந்தது' என்று வந்தது.

தண்டபாணி மூச்சுவிட்டுவிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார்.

நவ்ரீன் போகவில்லை. "முடிஞ்சிதுன்னு போட்டுகீதே. மகிமாவுக்கு?"

"பதிவுல குறிச்சிருக்கு."

"பதிவை அவங்க வூட்டு நாய் வந்து படிக்குமா?"

மோகனப்ரியா பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு விழுந்தபோதாவது ஜெகதீசன் கத்தினார். இனி எல்லோருக்கும் வேலை நடக்கும். நான்கு லாரி மட்டும் ஓசையில்லாமல் ரோட்டில் நிற்கும். மகிமாவைத் தனியே பிரித்துவைத்தால், பிரித்துவைத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்ல வேண்டாமா? அவள் பேசாமல் இருக்கும் நாட்களில் டில்லிபாபுவும் இப்படித்தான், எதற்கென்றே தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருப்பான். சட்டென்று அது நினைவுக்கு வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

போனை எடுத்தாள். மூன்று நாற்பத்திரண்டு.

"மழைன்னா எண்ணூர் ரோட்ல தண்ணி நிக்குதுக்கா," என்றாள் மகிமா. "அதான் டிரைவருங்களுக்கு முன்னாடியே சொல்லட்டும்னு எழுதுனேன். தப்பா?"

"தப்பு என் பேர்ல. அந்தக் கட்டம் நம்பரைத்தான் வாங்கணும். எத்தனை நிமிஷம் வேணும்?"

"மழைக்கு எழுபத்தஞ்சு. மழை இல்லாட்டி முப்பது போதும்க்கா."

"இப்போதைக்கு ஒரே ஒரு நம்பர்தான் போடலாம். எழுபத்தஞ்சுன்னு மாத்தி சேவ் பண்ணுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

எல்லோருக்கும் மறுபடி ஓட்டினால் இருபத்து மூன்று பேரின் பட்டியலும் யார்டில் இரண்டாவது தடவை விழும். மகிமாவுக்கு மட்டும் ஓட்டினாள். மூன்று ஐம்பத்தொன்றுக்கு இருபத்து நான்காவது பட்டியலும் போய்ச் சேர்ந்தது.

பிறகு உட்கார்ந்து மூன்று மாற்றங்கள் செய்தாள். ஒருவர் விடுபட்டாலும் பச்சை வராது. அவர் பெயர் சிவப்பில் நிற்கும். விடுபட்டவருக்கும் அலுவலகத்துக்கும் உடனே தகவல் போகும். அந்தக் கட்டம் இனி எண் தவிர எதையும் வாங்காது. மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று இரண்டு கட்டம் வேண்டுமென்று ஒரு தாளில் எழுதித் தண்டபாணியின் மேசையில் வைத்தாள்.

ஜெகதீசன் மறுபடி கூப்பிட்டார். "வண்டி உள்ள போய்க்கினு கீதும்மா. கம்ப்யூட்டருக்கு ஒரு டீ வாங்கிக் குடு."

சிரித்துவிட்டாள். அன்றைக்கு முதல் தடவை.

"ஆ, பல்லு தெரியுது!" என்றாள் நவ்ரீன். "இப்பவாவது வுளங்கிச்சா? புரோகிராமையும் உன்ன மாதிரியே எழுதி வச்சிருந்த. ஒருத்தர் குடைய எடுத்தா ஊருக்கே சோறு கிடையாது."

"போடி."

கிண்ணத்தைத் திறந்தாள். பிரியாணி ஆறியிருந்தது, நன்றாகவும் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் டில்லிபாபுவுக்குத் தட்டினாள்: 'குடைக்கு மட்டும் கோபம். அந்தக் கோபம் சாயங்காலமும் இருக்கும். மத்ததுக்கு இல்ல. ஸ்டேஷனுக்கு வா.'

பதில் உடனே வந்தது. 'குடைய பஸ்ல வுட்டுட்டேன்.'

மோகனப்ரியா ஒரு நிமிடம் போனை முறைத்தாள். கையில் இருந்த லெக் பீஸை என்ன செய்வது என்று யோசித்தாள். அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. கடித்தாள்.