பார்க்கிங்கில் ஏற்றிய கேள்விகள்

மதியம் இரண்டு பத்துக்குக் கூட்டம். மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். அதற்குள் தொழிலாளர் கமிட்டியின் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். வாங்கினால், தற்காலிக வேலையில் இருந்துகொண்டு கூட்டத்தை நடத்தும் சுவாதிக்கு வேலை நிரந்தரம். மனிதவளப் பிரிவு மேலாளர் சீனிவாசன் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

விஷயம் சின்னது என்றும் சொல்லியிருந்தார். ஒன்றாம் தேதியிலிருந்து பஸ், தொழிலாளர்கள் தங்கியிருக்கும் படப்பைத் தெருக்களுக்குள் போகாது. மெயின் ரோட்டோடு சரி. இதைச் சொல்ல ஏழு ஸ்லைடு.

பெரிய விஷயம் இசக்கிபாண்டி. நாங்குநேரிக்காரன், வெல்டிங் லைன். மூன்றாவது ஸ்லைடுக்குள் எழுந்து, கேன்டீன் சாம்பாரில் தொடங்கி கக்கூஸ் தாழ்ப்பாள் வரை போய்விடுவான். போன இரண்டு கூட்டங்களும் அப்படித்தான் கலைந்தன.

அதற்காகவே சீனிவாசன் சென்னை ஓட்டலொன்றில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், ஒரு தோள்பையும் ஒரு கையேடும் கொண்டுவந்தார். கையேடு சொன்ன வழி, ‘பார்க்கிங்’ என்று தலைப்பிட்ட வெற்று ஸ்லைடு ஒன்று. கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி வந்தால் மறுக்காமல், மழுப்பாமல் அதில் எழுதிவிட வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் அதற்கு. சம்பந்தமுள்ள கேள்விகளை முன்பே யோசித்துப் பதில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

முந்தின நாள் ஒத்திகை நடந்தது. சீனிவாசனே இசக்கிபாண்டியாக நடித்தார். அவர் கேட்டதெல்லாம் அவருக்குப் பதில் தெரிந்த கேள்விகள். சுவாதி எட்டுப் பதில்களை எழுதிக்கொண்டாள்.

கையேட்டை அவள் முழுவதும் படித்தாள். பேசவந்த விஷயத்தைப் பற்றிய கேள்வியைப் பார்க்கிங்கில் போடக் கூடாது, பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, எந்த நாளில் பதில் தருவோம் என்பதையும் சொல்ல வேண்டும் என்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. அது இரண்டாம் நாள் மதியப் பாடம். சீனிவாசன் மதியச் சாப்பாட்டோடு கிளம்பியிருந்தார்.

கூட்டத்தில் சுவாதி முதலில் விதியைச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்றாவது ஸ்லைடில் இசக்கிபாண்டி எழுந்தான்.

“மேடம், சாம்பார்ல பருப்பு எங்க?”

“முக்கியமான கேள்விண்ணா. பஸ் விஷயம் இல்லாததால பார்க்கிங்ல எழுதிக்கிறேன்.”

தட்டினாள். தான் சொன்னது திரையில் ஏறியதை இசக்கிபாண்டி வாயைத் திறந்தபடி பார்த்தான். ஆறு வருஷத்தில் அவன் பேச்சை யாரும் எழுதிக்கொண்டதில்லை.

“பருப்புக்கு முன்னால ‘துவரம்’னு சேத்துக்கிடுங்க” என்று சொல்லி உட்கார்ந்தான்.

கடைசி வரிசையில் சீனிவாசன் கட்டைவிரலை உயர்த்தினார்.

தாழ்ப்பாள் ஏறியது. குடிதண்ணீர் ஏறியது. ஆறாவது ஸ்லைடு வந்துவிட்டது. கையெழுத்துத் தாள் மேசையில் தயாராக இருந்தது.

அசெம்பிளி லைன் உலகம்மாள் கையைத் தூக்கினாள். எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காதவள்.

“ரெண்டாம் ஷிப்டு பத்தேகாலுக்கு விடுது. மெயின் ரோட்டுல இருந்து எங்க ஹாஸ்டலுக்கு ஒன்றரை கிலோமீட்டர். பூராவும் காலி பிளாட்டு, லைட்டு கிடையாது. நாங்க பதினாலு பேரு எப்படிப் போறது மேடம்?”

எட்டுப் பதில்களில் இது இல்லை. சுவாதி சீனிவாசனைப் பார்த்தாள். அவர் காற்றில் விரலால் எழுதிக்காட்டினார். சுவாதி பார்க்கிங்கைத் திறந்து, ‘இரண்டாம் ஷிப்ட்’ என்று தட்டினாள்.

“மேடம்.” இசக்கிபாண்டி எழுந்தான். குரலை உயர்த்தவில்லை. “பஸ்ஸு சம்பந்தமில்லாததுதான் அதுல போடணும்னு நீங்கதானே சொன்னிய? சாம்பார் வெளிய உள்ளது, ஒத்துக்கிட்டேன். இது பஸ்ஸுல்லா?”

சரியாகத்தான் சொன்னான். நாற்பதாம் பக்கம். மணி இரண்டு நாற்பத்தைந்து.

சுவாதி தட்டியதை அழித்தாள்.

“ஆமாண்ணா, இது பஸ் விஷயந்தான். எனக்குப் பதில் தெரியல. இதை நாங்க யோசிக்கல. வெள்ளிக்கெழம பதிலோட வரேன். அதுவரைக்கும் இதுல கையெழுத்து வேணாம்.”

“ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்.” சீனிவாசன் எழுந்து முன்னால் வந்தார். “புது பஸ் கான்ட்ராக்ட் போட்டாச்சு. ஃபேமிலி மாதிரி இருக்கோம். போன வருஷ ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும் டிஃபன் கேரியர் கொடுத்தோமா இல்லியா?”

சுவாதியின் விரல்கள் பழக்கத்தில் போயின.

“முக்கியமான கருத்து சார். பஸ் விஷயம் இல்லாததால பார்க்கிங்ல எழுதிக்கிறேன்.”

திரையில் இப்போது துவரம்பருப்பு, தாழ்ப்பாள், குடிதண்ணீர், டிஃபன் கேரியர். யாரோ செருமினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

சீனிவாசன் சிரித்த முகம் மாறாமல் அவள் பக்கம் குனிந்தார். அவள் முன்னிருந்த மைக் அணைக்கப்படாமல் இருந்தது.

“உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டேபிள்ல இருக்கு. நான் இன்னும் கையெழுத்துப் போடல. தெரியும்ல?”

கூடம் முழுக்கக் கேட்டது. சுவாதியின் கை விசைப்பலகை மேல் நின்றது.

இசக்கிபாண்டி மரியாதையாகக் கையைத் தூக்கினான்.

“மேடம், இது பஸ்ஸுக்கு உள்ளயா, வெளியயா?”