மழைக்கு முந்தைய தேதிகள்

கல்யாணமாகி மூன்றாவது மாதம் லிஃப்ட்காரர் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினார். அவருக்கு வயது அறுபத்திரண்டு, அவளுக்கு ஐம்பத்தாறு. இருவருக்கும் இது இரண்டாம் கல்யாணம். அவள் வேலை பார்த்த கண்ணாடிக் கடை மூன்றாம் மாடியில் இருந்தது. ஒரு நாள் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனபோது வெளியிலிருந்து அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே சரிசெய்தவர் இவர். "பயப்படாதீங்க, கயிறு அறாது, என் வாய்தான் அறுந்துபோகும்" என்றார். அவள் உள்ளே தனியாகச் சிரித்தாள். அங்கே தொடங்கியது இங்கே வந்து முடிந்திருந்தது.

வாழ்க்கை முழுவதும் பராமரிப்பு அட்டையைப் பார்த்தே வேலை செய்தவர். எண்ணெய் இன்ன தேதி, கம்பிவடம் இன்ன தேதி. அவள் வீட்டுக்குக் குடிவந்ததும் வீட்டுக்கும் ஓர் அட்டை போட்டுவிட்டார். இரண்டாம் தேதி பின்பக்க வடிகால், குழாய் அடைப்பு. ஐந்தாம் தேதி மொட்டை மாடியைப் பெருக்கி, தண்ணீர் இறங்கும் வாயைச் சுத்தம் செய்வது. ஆறாம் தேதி மாடியில் தண்ணீர் தேக்குவது, ஏழாம் தேதி கசிவு பார்ப்பது. காய்ந்தபின் விரிசல் அடைப்பு, இரண்டு கை பூச்சு. பதினைந்தாம் தேதி வயரிங். இருபதாம் தேதி தெருப்பக்க வடிகால். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மழை வரலாம் என்று அனுமதி கொடுப்பதுபோல் கடைசியில் ஒரு கோடு.

"மழைக்கே தேதி குறிச்சாச்சா?" என்றாள்.

"மழைக்கு நான் யாருங்க தேதி குறிக்க? நமக்குக் குறிச்சுக்கறேன்."

அவள் சிரித்தாள். ஆனால் அந்தத் தாளைக் கடந்துபோகும்போதெல்லாம் அந்தக் கடைசிக் கோட்டைப் பார்க்காமல் போனாள். மழைக்காலம் அவளுடைய ரகசியம்.

முதல் கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகளாகியிருந்தன. அவர் போன பிறகு வந்த முதல் மழையில், கூடத்து ஜன்னலருகே நின்று வெளியே பார்த்தபடி இரும்புக் கம்பியைப் பிடித்தாள். விரல்களுக்குள் மெல்லிய நடுக்கம் ஒன்று ஓடியது. யாரோ அவள் கையின்மேல் கை வைத்து, எடுக்க மனமில்லாமல் எடுத்ததுபோல இருந்தது. சூடோ குளிரோ இல்லை. ஒரு தொடுகை, அவ்வளவுதான். அடுத்த மழையிலும் வந்தது. வெயில் காலத்தில் வரவில்லை. அவர் மழையோடு வருகிறார், மழையோடு போகிறார் என்று அவள் தனக்குள் வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள்.

மழை நாட்களில் கடைக்கு விடுப்பு எடுத்துவிட்டு வெறுங்காலுடன் அந்த ஜன்னலில் நிற்பாள். வெளியே தெரு கரைந்து ஓடும். மரங்கள் தண்ணீருக்கு அடியில் நிற்பவைபோல அசையும். அவள் கம்பியைத் தொட்டும் தொடாமலும் பேசிக்கொண்டிருப்பாள். இந்த ஆண்டு மழை வந்தால் என்ன செய்வாள் என்பதை நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தேதி வடிகாலிலிருந்து ஒரு பந்தும் இரண்டு கரண்டியும் கூடை கூடையாய்ச் சேறும் வெளிவந்தன. "உங்க வீட்டுச் சமையலறையில பாதி இங்கதான் குடியிருந்திருக்கு" என்றார் லிஃப்ட்காரர். மேலே தேங்கும் தண்ணீரைத் திறந்துவிட்டால் கீழே போக வழி இருக்க வேண்டும். அதனால்தான் வடிகால் முதலில் என்று விளக்கினார். ஐந்தாம் தேதி மாடியில் சருகு அள்ளினார்கள். தண்ணீர் இறங்கும் வாயில் வேர்விட்டு ஒரு செடியே வளர்ந்திருந்தது. ஆறாம் தேதி காலையில் அந்த வாயைச் சாக்கும் சிமெண்டுக் கலவையும் வைத்து அடைத்து, கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பினார்கள். கைப்பிடிச் சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்தார்.

அன்று மாலை அவள் தனியாக மாடிக்குப் போனாள். மழை இன்னும் வராத வானம் முழுவதும் தரையில் கிடந்தது. மேகங்கள் அவள் பாதங்களைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு பறவை அவளுக்குக் கீழே பறந்து சென்றது. வீடே தலைகீழாக மிதப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாமல் வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் காலை மட்டம் இறங்கியிருந்தது. வெயிலில் ஆவியாகிப் போகக்கூடியதைவிட அதிகமாகவே இறங்கியிருந்தது.

"எங்கேயோ குடிக்குது" என்று சொல்லிக்கொண்டே லிஃப்ட்காரர் ஈரக்காலோடு கீழே வந்தார். அறை அறையாகக் கூரையைப் பார்த்தார். கூடத்து ஜன்னலுக்கு மேலே சுவர் கருத்துப் போயிருந்தது. ஈரம் இறங்கித் தரை வரைக்கும் நீண்டிருந்தது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல் இருக்க வேண்டும் என்று முணுமுணுத்தபடி, கிட்டப்போய்ப் பார்க்க ஜன்னல் படியில் ஒரு காலை வைத்தார். ஏறுவதற்காகக் கம்பியை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதே!"

அது தன் குரல்தான் என்று அவளுக்கே உடனே புரியவில்லை. கையிலிருந்த டம்ளர் உருண்டு ஓடியது. லிஃப்ட்காரர் நீட்டிய கையோடு அப்படியே நின்றார்.

"என்ன ஆச்சு?"

"கீழ இறங்குங்க. அதைத் தொடாதீங்க. தயவுசெஞ்சு."

அவர் இறங்கினார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருடம் தொடுகை என்று சொல்லிக்கொண்டது, இன்னொருவர் கை அதை நெருங்கியதும் ஒரே நொடியில் வேறொன்றாகிப் போனது. அது என்னவென்று அவளுடைய உடம்புக்கு எப்போதுமே தெரிந்திருந்தது. மனசுதான் காதைப் பொத்திக்கொண்டிருந்தது.

"மழை பெய்யறப்ப அந்தக் கம்பி..." என்று ஆரம்பித்தாள். "தொட்டா ஏதோ ஓடும். விரல்ல."

லிஃப்ட்காரர் போய் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு டெஸ்டரோடு வந்தார். கம்பியில் வைத்ததும் டெஸ்டருக்குள்ளிருந்த சின்ன விளக்கு மங்கலாகச் சிவந்தது. வாசலுக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மின்விசிறி சுழன்று சுழன்று நின்றது. குளிர்பதனப் பெட்டியின் முனகல் அடங்கியது. மெயினை அணைத்தபின் மறுபடி டெஸ்டரை வைத்துப் பார்த்தார். சிவப்பு வரவில்லை.

"எத்தனை வருஷமா?"

"அவர் போனதிலேர்ந்து." பிறகு மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். தலையை நிமிர்த்தாமல், புடவை ஓரத்தை முறுக்கிக்கொண்டே சொன்னாள். "பைத்தியம்னு நெனைப்பீங்க."

அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முட்டி மடங்கச் சற்றுச் சிரமப்பட்டது.

"லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்களை எவ்வளவோ பேரை வெளிய எடுத்திருக்கேன். இருட்டுல எல்லாரும் எதையாவது பிடிச்சுக்கிட்டுத்தான் நிப்பாங்க. அது கம்பியா, கையான்னு அந்த நேரத்துல யாரும் பார்க்கறதில்ல." சற்றுப் பொறுத்து, "ஆனா ஒண்ணு. இன்னிக்குத்தான் முதல் தடவையா என்னை 'தொடாதே'ன்னு ஒருமையில சொன்னீங்க" என்றார்.

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவர் தாளைப் பார்க்கப் போனார். வயரிங் பதினைந்தாம் தேதி என்றிருந்தது. அதற்குள் மாடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, விரிசலை அடைத்து, பூச்சும் பூசியிருப்பார்கள். "சுவர் காஞ்சிருக்கும். காஞ்ச சுவர்ல சோதிச்சா மீட்டர் எல்லாம் சரின்னு சொல்லும். கசிவு உள்ளேயே ஒளிஞ்சுக்கிட்டு, என்னைக்காவது ஒரு மழையில..."

அவள் எழுந்துபோய்ப் பேனாவை எடுத்தாள். பதினைந்தை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினாள். அந்தத் தாளில் அவள் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை.

லிஃப்ட்காரரின் அண்ணன் மகள் எலக்ட்ரீஷியன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கருவிப் பையோடு வந்தாள். மாடித் தண்ணீரை அவளுக்காக அப்படியே விட்டு வைத்திருந்தார்கள். மின்சாரம் இல்லாத வீடு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று தெரியாத அமைதியில் இருந்தது. மாடித் தண்ணீரில் பட்ட வெயில் எதிர்வீட்டுச் சுவரில் அலையலையாக ஆடியது.

அண்ணன் மகள் வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று சொல்லும் மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஒரு வயரில் மட்டும் முள் சரிந்தது. ஜன்னலுக்கு மேலே சுவரைக் கொத்தினாள். ஈரச் சிமெண்டுக்குள் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு இருந்தது. டேப் பாதி உரிந்திருந்தது.

"சித்தி, வாசல் பெல் எப்ப வெச்சீங்க?"

அவளுக்கு நினைவு வந்தது. முதல் கணவர் இறந்த பிறகு, தனியாக இருக்கிறாளே என்று எல்லாரும் சொல்லி வைத்தது.

"அதுக்கு லைன் எடுத்தவங்க சுவருக்குள்ளயே ஜாயின்ட் போட்டு மேல பூசிட்டாங்க. எப்பவும் கரண்ட் இருக்கற வயர். மாடி ஈரம் இறங்கினதும் சுவர் வழியா ஜன்னல் கம்பிக்கு வந்திருக்கு. எர்த் கம்பியும் துருப்பிடிச்சு அறுந்து கிடக்கு. இந்தக் கசிவு கொஞ்சமா இருக்கறதால பழைய ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது." அவள் குரல் தணிந்தது. "இன்னும் கொஞ்சம் ஈரம் அதிகமா இருந்து, வெறுங்காலோட கெட்டியாப் பிடிச்சிருந்தீங்கன்னா கையை எடுக்கவே விட்டிருக்காது. நீங்க இங்க உக்காந்து பேசறதே பெரிய விஷயம்."

அந்த முடிச்சை வெட்டி எடுத்துச் சித்தியிடம் காட்டினாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. சித்தி அதைத் தொடவில்லை.

அடுத்த நாட்களில் முழு வயரும் முடிச்சில்லாமல் புதிதாக இழுக்கப்பட்டது. புதிய எர்த் கம்பி மண்ணில் இறங்கியது. கசிவு ஏற்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும் சுவிட்ச் ஒன்று வாசலில் ஏறியது. மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள் அண்ணன் மகள். "அது என் வேலை" என்று லிஃப்ட்காரரை முந்திக்கொண்டு அவள் சொன்னாள்.

மாடித் தண்ணீரைத் திறந்துவிட்ட அன்று குழாய்க்குள் அது இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். வானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை விட்டுப் போனது. ஒருவரை இரண்டு தடவை வழியனுப்ப முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அழுதது இரண்டாவது அழுகைதான். முதல் அழுகையைவிட இது அமைதியாக இருந்தது. லிஃப்ட்காரர் மேலே வரவில்லை. கீழே வேண்டுமென்றே பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார்.

தளம் காய்ந்தது. விரிசலைக் கீறி அகலப்படுத்தி அடைத்தார்கள். ஒரு கை பூசி, அது உலர்ந்தபின் குறுக்குவாட்டில் மறு கை பூசினார்கள். தாளில் தெருப்பக்க வடிகால் மட்டும் பாக்கி.

பத்தொன்பதாம் தேதி மதியமே மழை வந்துவிட்டது.

"யாரைக் கேட்டு வந்துச்சு?" என்று கத்திக்கொண்டே லிஃப்ட்காரர் மண்வெட்டியோடு ஓடினார். அவளும் பின்னாலேயே ஓடினாள். வடிகால் மூடியை இருவருமாகப் புரட்டினார்கள். அவர் வெட்ட, அவள் சருகையும் சேற்றையும் கூடையில் அள்ளினாள். புடவை முழுக்கச் சேறு. தெரு வெள்ளிபோல் உருகி ஓடியது. எதிர்வீடுகளெல்லாம் தூரத்துக் கனவுகள்போல மங்கின. அடைப்பு விட்டதும் தண்ணீர் ஒரு பெரிய ஏப்பத்தோடு உள்ளே போனது.

இருவரும் நனைந்தபடி மதில்மேல் உட்கார்ந்தார்கள். மூச்சு வாங்கியது.

"அவரு எப்படிப்பட்டவரு?" என்றார் லிஃப்ட்காரர். "இத்தனை நாளா கேட்டதே இல்ல. கேக்கலாமா?"

அவள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். எங்கே தொடங்குவதென்று கொஞ்சம் யோசித்தாள்.

"குறட்டை விடுவாரு" என்றாள். "நீ விடறதைவிட மோசமா."