அழித்த கோடு

அவள் அதைக் கேலியாகச் சொன்னாளா, பயத்தில் சொன்னாளா என்று இப்போது உறுதியாக நினைவில்லை. சிரித்தாள் என்றே இத்தனை நாள் நம்பியிருக்கிறேன். அப்படி நம்புவது எனக்கு வசதி.

நானும் என் நாத்தனாரும் ஒரே தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளில் ஈயம் உருக்கிச் சால்டர் வைப்பவர்கள். மாலை வகுப்பில் டிப்ளமோ படித்தோம். சோதனைப் பிரிவில் ஓர் இடம் காலி. வாய்மொழித் தேர்வில் தேறுகிறவருக்கு அது.

ஆய்வகத்தில் எங்கள் இருவரையும் தேர்வாளர் சேர்த்தே அழைத்தார். கரும்பலகையில் குறுக்காக இணைத்த இரண்டு நார் (NOR) கேட்டுகள். கீழே எஸ், ஆர் என்ற உள்ளீடுகளின் அலைகள். க்யூ, அதற்கு எதிரான க்யூ பார் என்ற வெளியீடுகளின் வரிகளை நாங்கள் நிரப்ப வேண்டும். முதலில் நான்.

எஸ் உயர்ந்த இடத்தில் க்யூவை ஒன்றாக்கினேன். எஸ் இறங்கியபின் அப்படியே நீட்டினேன். லாட்ச் என்ற இந்தச் சுற்று கடைசி நிலையை நினைவில் வைத்திருக்கும். ஆர் உயர்ந்ததும் க்யூ சுழி, க்யூ பார் ஒன்று. ஆர் இறங்கியும் மாறவில்லை. பிறகு எஸ், ஆர் இரண்டும் சேர்ந்தே உயர்ந்தன. கொடுக்கக்கூடாத உள்ளீடு. க்யூ பாரையும் சுழிக்கு இறக்கினேன்.

பின்னாலிருந்து நாத்தனாரின் தணிந்த குரல் வந்தது.

"என்ன அண்ணி, ரெண்டுமே சுழியா? ஒண்ணுக்கொண்ணு எதிர்னுதானே பேரு."

டஸ்டரை எடுத்தேன். க்யூ பாரை மறுபடி ஒன்றுக்கே ஏற்றிவிட்டேன்.

தேர்வாளர் அந்தக் கோட்டைச் சுட்டினார்.

"நார் கேட்ல ஒரு உள்ளீடு ஒண்ணா இருந்தா வெளியீடு என்னம்மா?"

"சுழி சார்."

"ரெண்டு கேட்டுக்கும் ஒண்ணு வருது. அப்ப ஏன் அழிச்சீங்க?"

முதலில் போட்டதுதான் சரி என்று ஒரு வார்த்தை போதும். வாயில் ஈயம் ஊற்றியதுபோல் நின்றேன். சாக்பீஸ் விரல்களில் மாவாகிக்கொண்டிருந்தது.

அடுத்து அவளை அழைத்தார். அழித்த கோடு பலகையில் மங்கலாகத் தெரிந்தது. அவள் அதன் மேலேயே வரைந்தாள். ஆர் முதலில் இறங்கி எஸ் மட்டும் உயர்ந்திருந்த இடத்தில் க்யூவை ஒன்றாக்கி, க்யூ பாரைச் சுழியிலேயே விட்டாள்.

"ரெண்டும் ஒரே நேரத்துல இறங்கினா?"

"எது ஜெயிக்கும்னு சொல்ல முடியாது சார். அதான் குடுக்கக்கூடாதுங்கறாங்க."

ஒரே பேருந்தில் வீடு வந்தோம். இறங்கும்போது, "நீங்க போட்டதைத்தான் போட்டேன் அண்ணி, சார்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

சோதனைப் பிரிவு அவளுக்குக் கிடைத்தது. இப்போது அதன் பொறுப்பாளர். நான் மறுமுறை வாய்மொழித் தேர்வுக்குப் போய்த் தேறினேன், ஆனால் சால்டர் வரிசையிலேயே இருக்கிறேன். தேர்வாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். தங்கை கெட்டிக்காரி என்று என் கணவர் இன்றும் சொல்கிறார். நான் மறுப்பதில்லை.