எங்கள் கட்டத்தில் ‘இல்லை’

எங்களுக்காகச் சந்தை ஆய்வு செய்த கொச்சிக்காரர்கள் அனுப்பிய அறிக்கையில் ஐம்பத்தெட்டு ஸ்லைடு. மூன்றாவதிலேயே செல்லத்தாயக்கா லேப்டாப்பை மூடிவிட்டார்.

“ஏட்டி ரெஜிலா, எனக்கு இது ஒரு பக்கத்துல வேணும். யாரு என்ன செய்யான்னு ஒரு டேபிள். அதுக்குக் கீழ முக்கியமானது மட்டும் ரெண்டு மூணு வரி. மூணு மணிக்கு நான் முடிவு சொல்லணும்.”

மார்த்தாண்டத்தில் ‘செல்லத்தாய் சிப்ஸ்’ என்றால் தெரியாத கடை கிடையாது. நேந்திரங்காயைத் தேங்காயெண்ணெயில் பொரித்து, பாக்கெட்டில் தன் பெயரையே போட்டுத் தொடங்கியவர் அக்கா. இப்போது விற்பனை இறங்கிக்கொண்டே போகிறது. பாமாயிலுக்கு மாறி விலையைக் குறைக்க வேண்டும் என்பது விற்பனையைக் கவனிக்கும் மருமகன் அனில்குமாரின் கட்சி. அக்காவின் பதில் ஒன்றுதான்: “பாமாயில் ஊத்துனா பாக்கெட்டுல எம் பேரு இருக்கப்பிடாது.” சொன்னால் செய்கிறவர். அன்று மூன்று மணிக்குப் பிறகு அந்தப் பெயர் இருக்குமா, போகுமா என்பதுதான் கேள்வி. அதை ஒரு பக்கத்தில் அடக்கும் வேலை, அக்காவின் ஆபீஸில் வேலை பார்க்கும் என் தலையில் விழுந்தது.

எனக்குப் பொறுமை குறைவு. வண்ண வண்ண வட்டங்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். ஆனாலும் ஐம்பத்தெட்டையும் படித்தேன். ‘விலையே தடை’ என்று ஐந்தாம் ஸ்லைடில் கொட்டை எழுத்து. அதன் கீழே எங்கள் பாக்கெட் தொண்ணூற்றாறு ரூபாய், முதல் போட்டியாளரான பொன்வட்டத்தின் பாக்கெட் எழுபது ரூபாய் என்று இரண்டு கம்பங்கள். எங்களுடையது தென்னை, அவர்களுடையது வாழை என்கிற அளவுக்கு வித்தியாசம்.

டேபிள் போட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எங்கள் பாக்கெட் இருநூறு கிராம், அவர்களுடையது நூற்றைம்பது. எல்லாவற்றையும் நூறு கிராமுக்கு மாற்றினேன். எங்களுக்கு நாற்பத்தெட்டு, அவர்களுக்குக் கிட்டத்தட்ட நாற்பத்தேழு. இந்த ஒரு ரூபாய்க்கா அக்காவின் பெயரை அழிக்கப் போகிறார்கள்? கொச்சி வரைக்கும் கேட்கும்படி திட்டலாம் போலிருந்தது.

நான்கு கம்பெனிக்கு நான்கு கட்டம்: நாங்கள், பொன்வட்டம், ஓணப்பூ, ஒரு கோயம்புத்தூர்க் கம்பெனி. இடப்பக்கம் எண்ணெய், நூறு கிராம் விலை, கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபம், எத்தனை நாள் கெடாது, விற்காத பாக்கெட்டைத் திரும்ப எடுப்பார்களா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஸ்லைடு எண்ணைப் போட்டேன். கோயம்புத்தூர்க்காரர்கள் திரும்ப எடுப்பது பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. ‘இல்லை’ என்று எழுதக் கை போனது. எழுதவில்லை. சொல்லப்படாததும் இல்லாததும் ஒன்றல்லவே. ‘தெரியவில்லை’ என்று போட்டேன்.

எங்கள் கட்டத்தில் மட்டும் யோசிக்காமல் ‘உண்டு’ என்று அடித்தேன். பில்லின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறோமே, விற்காத பாக்கெட் திரும்ப எடுக்கப்படும் என்று.

கடைசியில் பிற்சேர்க்கை. யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் பொடி எழுத்தில் ஒரு ஸ்லைடு. செல்லத்தாய் சிப்ஸை ஏன் குறைத்தீர்கள் என்று கடைக்காரர்களிடம் கேட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் விலை அல்ல. பழைய சரக்கு கடையிலேயே தங்கிவிடுகிறது என்பதுதான்.

நாங்கள்தான் திரும்ப எடுக்கிறோமே, பிறகு எப்படித் தங்கும்? களியக்காவிளையில் கடை வைத்திருக்கும் பொன்னுலிங்கம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“உங்க ரிட்டர்னா? அது பில்லுல உண்டு பிள்ளே, வண்டியில ஏறாது” என்று சிரித்தார். “பொன்வட்டத்துக்காரன் புதுசு இறக்குததுக்கு முன்ன பழசைத் தூக்கிருவான். உங்க ஆளு அடுத்த வாரம்னு சொல்லிட்டுப் போவான்.”

“அக்காகிட்ட சொல்லப்பிடாதா அண்ணே?”

“அவிய கிறிஸ்மஸுக்கும் பொங்கலுக்கும் நேர்ல வந்து குறை உண்டான்னு கேக்காவ. வீடு தேடி வந்த மனுஷிகிட்ட எப்பிடிச் சொல்லுதது?”

இதுதான் எங்கள் ஊர். மரியாதையிலேயே ஒரு கம்பெனியை மூடிவிடுவோம். இன்னும் இரண்டு கடைகளைக் கேட்டேன், அதே கதை. எங்கள் வண்டி ஓட்டும் ஜெப்சனைக் கேட்டேன். “ரிட்டர்ன் எடுத்தா எனக்க சேல்ஸ்ல கழிப்பிய. இன்சென்டிவ் போவும். நான் எதுக்கு எடுக்கணும்?” என்றான். அவனைக் குறை சொல்ல வாயில்லை. அந்த விதியைப் போட்டது அனில் அண்ணன்.

‘உண்டு’ என்பதை அழித்துவிட்டு ‘இல்லை’ என்று அடித்தேன். ஸ்லைடு எண் போடும் இடத்தில் ‘மூன்று கடைகளும் நம் டிரைவரும் சொன்னது’ என்று எழுதினேன். டேபிளுக்குக் கீழே மூன்று வரி:

ஒரே எடைக்குப் பார்த்தால் நமக்கும் பொன்வட்டத்துக்கும் விலை வித்தியாசம் ஒரு ரூபாய்தான்.

கடைகள் நம்மைக் குறைப்பதற்குப் பெரிய காரணம், விற்காததை நாம் திரும்ப எடுக்காததே.

எண்ணெயை மாற்றுவதால் இது தீராது. முதலில் ரிட்டர்னைச் சரிசெய்து பார்க்கலாம்.

மூன்று மணிக்கு அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் கட்டத்தை மேலிருந்து கீழே படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

“ரிட்டர்ன் இல்லைன்னு போட்டிருக்கியே?”

“அது தப்பு மாமி, நாம எடுக்கோம்” என்றார் அனில் அண்ணன்.

“பில்லுல எடுக்கோம் அண்ணே. வண்டியில எடுக்கல” என்றேன். ஜெப்சன் பெயரைச் சொல்லாமல் இன்சென்டிவ் விதியை மட்டும் சொன்னேன். அனில் அண்ணன் முகம் சிவந்தது.

அக்கா போனை எடுத்து, பொன்னுலிங்கம் அண்ணனை ஸ்பீக்கரில் போட்டார். “பொன்னுலிங்கம், எனக்க சரக்குல குறை உண்டா?”

“ஒரு குறையும் இல்லக்கா!”

அனில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அக்கா விடவில்லை. “குறை கிடக்கட்டும். கடையில எம் பேரு போட்ட பழைய பாக்கெட்டு எவ்வளவு கிடக்கு, அதைச் சொல்லு.”

பொன்னுலிங்கம் அண்ணனின் குரல் தாழ்ந்தது. “மேல் ரேக்குல ஒரு பெட்டி நிறைய கிடக்குக்கா. உங்க பேரு இருக்கேன்னு குப்பையில போட மனசு வரல்ல.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. அனில் அண்ணன் தாளைத் தன் பக்கம் இழுத்து, மூன்று வரியையும் இரண்டு தடவை படித்தார். “இந்த விதி நான் போட்டது மாமி. கணக்கு ஒழுங்கா இருக்கணும்னு நினைச்சேன். இப்பிடி ஆவும்னு நினைக்கல்ல” என்றார். அவரைப் பற்றி அதுவரை நினைத்ததில் பாதியை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

“எண்ணெய் மாறாது. மூணு மாசம் பாப்போம்” என்றார் அக்கா. “ரிட்டர்னை டிரைவர் தலையில கட்டாதே, கம்பெனி பேருல எழுது. நாளைக்கு வண்டியில நீயும் ஏறு அனிலு.” பேனாவை எடுத்து எங்கள் கட்டத்தில் ‘இல்லை’யைக் கோடு போட்டு அடிக்கப் போனார்.

“அக்கா, வேண்டாம்” என்றேன். “இன்னும் எடுக்கல்லியே. எடுத்த பெறவு நானே மாத்துதேன்.”

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

மறுநாள் சாயங்காலம் வண்டி திரும்பியது. போகும்போது இருந்ததில் பாதியளவு பெட்டிகள் உள்ளே இருந்தன, எல்லாம் கடைகளிலிருந்து திரும்ப எடுத்த பழசு. அனில் அண்ணன் சட்டையெல்லாம் அழுக்கு. “பொன்னுலிங்கம் காலியான ரேக்கைக் காட்டி, புது சரக்கு ரெண்டு பெட்டி கூடுதலா இறக்கச் சொன்னாரு” என்றார், பள்ளியில் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி.

அக்கா ஒரு பழைய பாக்கெட்டைப் பிரித்து, ஒரு சிப்ஸை வாயில் போட்டார். கெட்டுப்போன எண்ணெயின் சிக்கு வாடை எனக்கே அடித்தது. வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். உறையில் இருந்த தன் பெயரை முந்தானையால் துடைத்தார்.

“இப்ப மாத்து மக்கா” என்றார்.

கம்ப்யூட்டரைத் திறந்து, எங்கள் கட்டத்தில் ‘உண்டு’ என்று அடித்தேன்.