செத்துப்போன லைசென்ஸ்
நியூசிலாந்தில் முதியவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. அங்கே கார் ஓட்ட வேண்டும். அனைத்துலக ஓட்டுநர் பெர்மிட் எடுக்க, என் கணவர் சிவநேசன் நாங்கள் இருக்கும் லாபு எஸ்டேட்டிலிருந்து என்னைச் சிரம்பான் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குக் காரில் அழைத்துப் போனார்.

முகப்புக் கவுண்டரில் இருந்த தமிழ்ப்பெண், "அக்கா, உங்க லைசென்ஸ் தேதி முடிஞ்சி செத்துப்போச்சு. இத வச்சி பெர்மிட் எடுக்க முடியாது" என்றாள்.

"எஸ்டேட்டுக்குள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டுறவகிட்ட யாரு லைசென்ஸ் கேக்குறா லா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் சிரித்தாள். "செத்து இன்னும் மூணு வருஷம் தாண்டல. இப்பவே புதுப்பிச்சிட்டா பெர்மிட்டுக்கு மனு போடலாம்."

புது லைசென்ஸ், பெர்மிட் இரண்டும் கைக்கு வந்தன. வெளியே சிவநேசன் வழக்கம்போல் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

"எறங்குங்க. வீடு வரைக்கும் நான் ஓட்டுறேன்."

"நீயா?"

"பின்ன? அங்க நீங்களா வந்து ஓட்டப்போறீங்க?"