இரண்டு இருபத்தைந்து

அறிவிப்புப் பலகையில் தன் பதிவு எண்ணுக்கு நேரே இருந்த முப்பத்தொன்பதை எழில்மதி விரலால் தடவிப் பார்த்தாள். மையில் ஏதாவது பிசகு இருக்குமோ என்று ஒரு நப்பாசை. பிசகு இல்லை. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும்.

மூன்று வருடப் படிப்பு. அதன் பிறகும் மூன்று வருடம் அரியர் எழுத விடுவார்கள். அந்த மூன்றும் இந்தத் தேர்வோடு முடிந்தன. மற்ற தாள்களிலெல்லாம் எப்போதோ தேறியாகிவிட்டது. டேட்டா ஸ்ட்ரக்சர் என்கிற இந்த ஒன்று மட்டும் பாக்கி. இதில் தேறினால் பட்டம். இல்லையென்றால் ஆறு வருடமும் போனது போனதுதான்.

"எனக்கு நாப்பது! கரெக்டா நாப்பது!" என்று பக்கத்தில் கலைச்செல்வன் துள்ளினான். அவனும் அரியர்க்காரன்தான், அவளுக்கு ஒரு வருடம் பின்னால் படித்த முத்தாண்டிக்குப்பத்துப் பையன். அவள் முகத்தைப் பார்த்ததும் துள்ளலை நிறுத்தினான். "உனக்கு எவ்ளோ?"

"ஒண்ணு கம்மி."

"அய்யய்யோ. வா, பேப்பரக் காட்டச் சொல்லிக் கேக்கலாம். கூட்டல்ல ஏதாச்சும் விட்டிருப்பாங்க."

துறை அறைக்கு வெளியே உதவியாளர் வேணு விடைத்தாள் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலை ஷிப்டு முடித்து, சுரங்கத்து வாசலில் பஸ் பிடித்து, சாப்பிடாமல் வந்திருப்பவள் என்பது அவள் செருப்பில் அப்பியிருந்த பழுப்புப் புழுதியிலேயே தெரிந்தது. கேட்காமலே பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"மொதல்ல குடிம்மா. அப்பறம் சண்ட போடு."

"சண்டன்னு யாருண்ணே சொன்னது?"

"மூஞ்சி சொல்லுது."

கூட்டல் சரியாகத்தான் இருந்தது. மதிப்பெண் போயிருந்தது பதினோராவது கேள்வியில். வரிசைப்படுத்தும் முறைகளையும் தேடும் முறைகளையும் ஒப்பிட்டு அட்டவணை போட வேண்டும். பிறகு, இருப்பதில் சின்னதைத் தேடி முன்னால் கொண்டுவரும் செலக்சன் சார்ட்டை ஒவ்வொரு படியாக நடத்திக் காட்ட வேண்டும். பட்டியலில் 'என்' உருப்படிகள் இருந்தால் எவ்வளவு வேலை ஆகும் என்கிற நேரக் கணக்குப் பத்தியில் எல்லாவற்றுக்கும் சரி போட்டிருந்தது. பபுளும் இன்சர்சனும் மோசமான நிலையில் என் ஸ்கொயர், செலக்சன் எப்போதுமே என் ஸ்கொயர், மெர்ஜ் எப்போதும் என் லாக் என், க்விக் சராசரியில் என் லாக் என், மோசமாகப் போனால் என் ஸ்கொயர். லீனியர் தேடல் என், பைனரி தேடல் லாக் என், ஆனால் பட்டியல் முன்பே வரிசையில் இருக்க வேண்டும்.

அடுத்த பத்தி, ஸ்டேபிளா இல்லையா என்பது. ஒரே மதிப்புள்ள இரண்டில், தொடக்கத்தில் எது முன்னால் இருந்ததோ அதுவே கடைசியிலும் முன்னால் நின்றால் ஸ்டேபிள். தேடல் முறைகளுக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது என்பதால் அங்கே கோடு இழுத்திருந்தாள். செலக்சனுக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. ஒரு மதிப்பெண் போயிற்று. கீழே நடத்திக் காட்டிய படிகளில் கடைசி வரிக்கும் குறி. அங்கே இரண்டு மதிப்பெண்.

அவளுக்குக் காது சூடானது. "அண்ணே, சசிகுமார் சார் உள்ள இருக்காரா?"

கலைச்செல்வன் அவள் தாளை எட்டிப் பார்த்தான். "ஏய், நோட்ஸ்ல என்னா போட்டிருக்கு? 'என் ஸ்கொயர் மூணும் ஸ்டேபிள், மெர்ஜும் ஸ்டேபிள், க்விக்கு மட்டும் இல்ல.' இத மனப்பாடம் பண்ணாதவன் இந்த காலேஜ்லயே இல்ல. நீ மட்டும் எதுக்குத் தனியா எழுதிக்கினு இருந்த?"

"தப்புன்னு தெரிஞ்சும் எழுதச் சொல்றியா?"

"நாப்பது வாங்கச் சொல்றேன்."

அவள் விடைத்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சசிகுமார் எட்டு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறவர். அவர் கையெழுத்து நோட்ஸின் ஜெராக்ஸ் வடலூர்க் கடைகள் வரை கிடைக்கும். கெட்டவர் இல்லை, மழை நாளில் பஸ் தவறிய பிள்ளைகளைத் தன் வண்டியில் ஆர்ச் கேட் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுகிறவர்தான். ஆனால் தன் நோட்ஸை யாரும் தொடக் கூடாது. எதிர் மேசையில் துறைத் தலைவி பிரபாவதி ஏதோ பட்டியலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், செலக்சன் சார்ட் ஸ்டேபிள் இல்லீங்க."

அவர் நிமிர்ந்தார். "ஆன்சர் கீ அப்படிச் சொல்லல."

"கீ தப்புங்க."

பிரபாவதியின் பேனா நின்றது. வாசலில் கலைச்செல்வன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போடும்மா," என்றார் சசிகுமார், குரலை அடக்கி.

"அவங்களும் இதே கீய வெச்சிக்கினுதான் திருத்துவாங்க. கீய நீங்கதான் போட்டீங்க. அதனால உங்ககிட்டயே கேக்கறேன். நான் எழுதுனதுல எந்தப் படி தப்புன்னு காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"காட்டலன்னா?"

"போவ மாட்டேன்."

"எட்டு வருஷமா நடத்தறவனுக்கு நீ சொல்லித் தர்றியா? சுரங்கத்து டைம் ஆபீஸ்ல கேட் பாஸ் அடுக்கறவ நீ."

"ஆமாங்க, அடுக்கறேன். தெனம் நானூறு பாஸ். அத சொல்றதுல எனக்கென்ன வெக்கம்? ஷிப்டு வாரியாப் பிரிக்கறப்போ, ஒரே ஷிப்டுல ரெண்டு பேர் வந்தா, மொதல்ல வந்தவங்க பாஸ்தான் மேல இருக்கணும். அந்த வரிசைலதான் பஸ்ஸுல ஏத்துவாங்க. ஒருநாள் இந்த செலக்சன் மாதிரி எடம் மாத்தி அடுக்கிட்டேன். விடிகாலைல மொத ஆளா வந்து நின்ன பொன்னம்மாளுக்கு மொத பஸ்ஸுல எடம் இல்லாமப் போச்சு. அந்தம்மா என்னத் திட்டக்கூட இல்ல. அன்னிக்குத்தான் இது எனக்குப் புரிஞ்சுது. நோட்ஸப் பார்த்துப் புரியல."

எழில்மதியின் குரல் உயர்ந்திருந்தது உண்மைதான். ஆனால் அதில் யாரையும் சிறுமைப்படுத்தும் எண்ணம் இல்லை. அதனால்தானோ என்னவோ, பிரபாவதி அவளை வெளியே போகச் சொல்லவில்லை.

"சசி, அந்தக் காலண்டர் தாளையெல்லாம் எடுங்க," என்றார்.

வகுப்பில் சசிகுமார் கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களை வைத்துத்தான் பாடம் நடத்துவார். பெரிய எண், கடைசி பெஞ்சுக்கும் தெரியும். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டை எடுத்தார். எழில்மதி தன் விடைத்தாளில் இருந்த கணக்குக்கு நான்கு தாள்களைப் பொறுக்கி வரிசையாக வைத்தாள். ஏப்ரல் இருபத்தைந்து, மே இருபத்தைந்து, ஒரு முப்பது, ஒரு பத்து. வரிசைக்குத் தேதி மட்டுமே கணக்கு, மாதம் அடையாளத்துக்கு.

"பாருங்க மேடம்," என்றார் சசிகுமார். "இருக்கறதுலயே சின்னது பத்து. அத முன்னால கொண்டுவர்றேன்." பத்தை எடுத்து முன்னால் செருகினார், மற்ற மூன்றையும் உள்ளங்கையால் ஒரு இடம் தள்ளினார். பத்து, ஏப்ரல் இருபத்தைந்து, மே இருபத்தைந்து, முப்பது. "அவ்ளோதான். ஏப்ரல் முன்னால, மே பின்னால. ஸ்டேபிள்."

கலைச்செல்வன் பெருமூச்சு விட்டான்.

"சார், நீங்க செருகறீங்க," என்றாள் எழில்மதி.

"என்ன?"

"செருகறீங்க. நோட்ஸ்ல உங்க கையெழுத்துல என்னா இருக்கு? 'சின்னதை முதல் இடத்தில் இருப்பதோடு இடம் மாற்று.' கேள்வித்தாள்லயும் இடம் மாற்றுன்னுதான் இருக்கு. இடம் மாத்துனா ரெண்டு தாள் மட்டுந்தான் நகரணும். நீங்க நாலையும் நகத்துனீங்க. மறுபடியும் செய்ங்க சார், எழுதி வெச்ச மாதிரி."

அவர் தாள்களைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தார். இந்த முறை அவர் கை மெதுவாகப் போனது. பத்தையும் ஏப்ரல் இருபத்தைந்தையும் தூக்கி, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தார். பத்து, மே இருபத்தைந்து, முப்பது, ஏப்ரல் இருபத்தைந்து.

இரண்டாம் சுற்று. மீதி மூன்றில் சின்னது இருபத்தைந்து, அதில் முதலில் வருவது மே. இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாம் சுற்று. முப்பதையும் ஏப்ரல் இருபத்தைந்தையும் இடம் மாற்றினார். பத்து, மே இருபத்தைந்து, ஏப்ரல் இருபத்தைந்து, முப்பது.

மே முன்னால் நின்றது, ஏப்ரல் பின்னால்.

சசிகுமார் இரண்டு இருபத்தைந்துகளையும் விரலால் மாறி மாறித் தொட்டார். எட்டு வருடமாக வாய் ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. வகுப்பில் ஒருவர்கூடக் கையைப் பார்க்கவில்லை. எல்லோரும் வாயைத்தான் எழுதிக்கொண்டார்கள்.

"வேணுண்ணே," என்றார் கடைசியில். "அந்த சிவப்புப் பேனாவக் கொடுங்க."

விடைத்தாளில் பெருக்கல் குறிகளை அடித்து, சரி போட்டு, ஓரத்தில் கையெழுத்திட்டார். நாற்பத்திரண்டு. பிரபாவதியும் பக்கத்தில் கையெழுத்திட்டார்.

"அப்ப கீயையும் மாத்தணும்," என்றார் பிரபாவதி. "இல்லன்னா எழுதினவங்கள்ல ஒருத்திக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயம்னு ஆகிடும். செலக்சன் ஸ்டேபிள்னு எழுதினவங்களுக்கு அந்த மூணு மார்க்கையும் குறைச்சிடுங்க."

வாசலில் ஏதோ விழுந்த சத்தம். கலைச்செல்வன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்திருந்தான். நாற்பது முப்பத்தேழாகிறது. அவன் எழில்மதியைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

காரியம் முடிந்தது, நன்றி சொல்லிவிட்டு அவள் போயிருக்கலாம். பஸ்ஸுக்கும் நேரமாகியிருந்தது. அவள் போகவில்லை.

"அது மட்டும் கூடாதுங்க மேடம்."

"இப்ப என்னம்மா? நீ சொன்னததான செய்யறோம்."

"அவங்க எழுதுனது அவங்க கண்டுபுடிச்ச தப்பு இல்லீங்க. இங்க சொல்லிக் கொடுத்தது. நோட்ஸ நம்புனதுக்கு அவங்க மார்க்க எடுத்தா, மொதல்ல வந்து நின்னவங்களப் பின்னால தள்ளுற மாதிரிதான ஆவும்? அந்தக் கட்டத்துக்கும் கடைசி வரிக்கும் எழுதுன எல்லாருக்கும் மார்க் போடுங்க. அடுத்த செமஸ்டர்ல இருந்து சரியா கேளுங்க. அப்படிப் போடறேன்னு சொல்ற வரைக்கும் என் பேப்பரக் கட்டுல வெக்காதீங்க. நான் கெளம்ப மாட்டேன்."

"இது என்ன, மிரட்டலா?"

"கேக்கறேங்க."

பிரபாவதி சசிகுமாரைப் பார்த்தார். சசிகுமார் தலை குனிந்தபடியே சொன்னார்: "தப்பு என்னோடது மேடம். அவ சொல்றதுதான் முறை. அந்தக் கட்டத்துக்கும் கடைசி வரிக்கும் ரெண்டு விடையும் ஏற்கலாம்னு நான் எழுதித் தர்றேன். என் பேர்லயே தர்றேன்."

அப்படிச் சொல்ல எட்டு வருடத்துப் பெருமையைக் கீழே இறக்கி வைக்க வேண்டியிருந்தது. இறக்கி வைத்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'விடைக்குறிப்பில் என்னால் நேர்ந்த பிழை' என்று தொடங்கி நான்கு வரி எழுதினார். பிரபாவதி அதில் கையெழுத்துப் போட்டார். பிறகு சசிகுமார் நோட்ஸின் மூலப்பிரதியை எடுத்து, 'என் ஸ்கொயர் மூணும்' என்ற வரியை அடித்துவிட்டு, நான்கு காலண்டர் தாள்களையும் கடைசியாக நின்ற அதே வரிசையில் அந்தப் பக்கத்தில் ஒட்டினார்.

"வேணுண்ணே, இத ஜெராக்ஸ் கடையில கொடுத்துட்டுப் பழசத் திருப்பி வாங்கிடுங்க. எழில்மதி, நீ கொஞ்சம் இரு. பஸ் போயிருக்கும். கேட் வரைக்கும் நான் வண்டியில விடறேன்."

சார் வண்டியை எடுத்து வரும்வரை அவள் வெளியே நிற்க, கலைச்செல்வன் பக்கத்துக் கடைக்கு ஓடினான். திரும்பி வந்து ஒரு பன்னை அவள் கையில் திணித்தான்.

"சாப்புடு. அடுத்த தடவ சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி என் மார்க்கு என்னாவும்னு யோசிச்சிட்டுப் போ தாயே. என் உசுரே போயி வந்துது."

"உனக்கு இன்னும் அரியர் இருக்குதா?"

"ஒண்ணு."

"அப்ப நோட்ஸப் படிக்காத. கையப் பாரு," என்றாள் எழில்மதி, பன்னைக் கடித்தபடி.